பங்கு 30 சதவீதம்தான், அப்புறம் விலை ஏன் ஏற வேண்டும்?

கேள்வி: ஒரே சந்தையில் இருக்கும் இரண்டு கம்பெனிகள் இணையப் போகின்றன. இரண்டையும் சேர்த்தாலும் பங்கு 30 சதவீதம்தான், மீதி 70 மற்றவர்களிடம் இருக்கிறது. அப்படியிருக்க விலை ஏறும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? டைவர்ஷன் விகிதம், யுபிபி என்கிறார்களே, அதை எப்படிக் கணக்குப் போடுவது? இணைந்தால் செலவு குறையும் என்று கம்பெனிகள் சொல்வது அந்தக் கணக்கில் எங்கே வரும்?

பதில்:

அந்த 30 சதவீதத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். சிமென்ட், சர்க்கரை போல யார் விற்றாலும் ஒன்றுதான் என்கிற பொருளில் பங்குக்கு அர்த்தம் உண்டு. ஒவ்வொருவரும் தன் பிராண்டுக்குத் தானே விலை வைத்து, வாங்குகிறவர்களும் பிராண்டு பார்த்து வாங்கும் சந்தையில், எவ்வளவு பேர் உங்களிடம் வாங்குகிறார்கள் என்பதை விட, விலை ஏற்றினால் போகிறவர்கள் யாரிடம் போகிறார்கள் என்பதுதான் விஷயம். எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருகிறது.

ஒரு உதாரணத்தைக் கடைசி வரை கூடவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 லட்சம் ஹெட்ஃபோன் விற்கும் ஒரு சந்தை. அதில் சின்ன பிராண்டு ஒன்று, விலை 100, கூடுதலாக ஒன்று தயாரித்து விற்க ஆகும் செலவு 60, விற்பனை 40,000. பெரிய பிராண்டு ஒன்று, விலை 150, கூடுதல் செலவு 75, விற்பனை 1,12,500. பங்கு முறையே 8, 22.5 சதவீதம். சேர்த்தால் நீங்கள் சொன்ன முப்பது சொச்சம்.

இணைப்புக்கு முன் சின்ன பிராண்டு ஏன் 101 வைக்காமல் 100-லேயே நிற்கிறது? ஒரு ரூபாயோ ஒரு டாலரோ, ஏதோ ஒரு அலகு ஏற்றுகிறது என்று வையுங்கள். தங்குகிற ஏறத்தாழ 40,000 பேரிடம் தலைக்கு 1 கூடுதலாக வருகிறது, ஆக 40,000 லாபம். ஆனால் 1,000 பேர் போய்விடுகிறார்கள். ஒவ்வொருவரும் போகும்போது 100-க்கும் 60-க்கும் உள்ள வித்தியாசமான 40, அதாவது மார்ஜின், போகிறது, ஆக 40,000 நஷ்டம். வரவும் செலவும் சரிக்குச் சரி. அதனால்தான் விலை அங்கே நிற்கிறது. பெரிய பிராண்டுக்கும் இதே கதை: ஓர் அலகு ஏற்றினால் 1,12,500 வரவு, 1,500 பேர் போவதால் 75 வீதம் 1,12,500 நஷ்டம்.

இப்போது அந்த 1,000 பேரைப் பின்தொடர்ந்து போங்கள். 300 பேர் பெரிய பிராண்டை வாங்குகிறார்கள், மற்றவர்கள் வேறு பிராண்டுகளுக்குப் போகிறார்கள் அல்லது வாங்காமலே இருந்துவிடுகிறார்கள். இந்த 1,000-க்கு 300, அதாவது 30 சதவீதம்தான் சின்னதிலிருந்து பெரியதற்கான டைவர்ஷன் விகிதம். வாங்காமல் விட்டவர்களும் கீழே உள்ள 1,000-இல் இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். வேறு பிராண்டு வாங்கியவர்களை மட்டும் எண்ணி வகுத்து விகிதத்தைப் பெரிதாக்கிக் காட்டும் அறிக்கைகள் உண்டு.

இணைப்புக்குப் பிறகு நடப்பது இதுதான். அந்த 300 பேர் போனாலும் போகவில்லை. முதலாளியின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போயிருக்கிறார்கள். அதுவும் 40 லாபம் தந்தவர்கள் இப்போது 75 தருகிறார்கள். 300 × 75 = 22,500. நேற்று வரை சரிக்குச் சரியாக இருந்த தராசில் ஒரு பக்கம் மட்டும் 22,500 ஏறிவிட்டது. போன ஆள் ஒருவருக்கு வகுத்தால் 22.5. இதுதான் யுபிபி, விலையை மேலே தள்ளும் அழுத்தம். பெரியதை விட்டுப் போகும் 1,500 பேரில் 20 சதவீதம் சின்னதற்கு வருகிறார்கள் என்று வைத்தால் மறுபக்கத்துக்கும் இதே கணக்கு. கீழே 1 சின்னது, 2 பெரியது, D டைவர்ஷன், P விலை, C கூடுதல் செலவு:

```
UPP1 = D12 × (P2 − C2) = 0.30 × 75 = 22.5
UPP2 = D21 × (P1 − C1) = 0.20 × 40 = 8
```

இதையே தலைகீழாகப் பார்த்தால் இன்னும் நன்றாகப் பிடிபடும். இணைந்த கம்பெனி விலையைக் குறைத்துச் சின்ன பிராண்டில் ஓர் ஆளைப் புதிதாகப் பிடிக்கிறது என்றால், சராசரியாக அவரில் 0.3 பங்கு தன் சொந்தப் பெரிய பிராண்டிலிருந்தே பிடுங்கிக்கொண்டது. அங்கே 22.5 போகிறது. ஆக, சின்ன பிராண்டில் ஒன்று கூடுதலாக விற்க முதலாளிக்கு ஆகும் உண்மையான செலவு 60 இல்லை, 82.5. யாரோ அந்தப் பொருளின் மேல் 22.5 வரி போட்ட மாதிரி. அந்த வரி எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இருக்காது, ஆனால் விலை வைக்கிறவர் அது இருப்பதாகவே நடந்துகொள்வார். செலவு ஏறினால் விலை ஏறும். யுபிபி இதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சின்னதன் விலையோடு ஒப்பிட்டால் அழுத்தம் 22.5 சதவீதம், பெரியதற்கு 8-ஐ 150-ஆல் வகுத்தால் 5.3 சதவீதம். விலையால் வகுத்த இந்த எண்ணைத்தான் ஜியுபிபிஐ என்கிறார்கள். இணைப்பு என்றதும் எல்லோருடைய கண்ணும் பெரிய பிராண்டின் மேல்தான் போகும். ஆனால் அடி விழுவது மலிவு பிராண்டின் வாடிக்கையாளர் தலையில். காரணம் எளிது. அவரைத் துரத்திவிட்டால் அவர் போய்ச் சேரக்கூடிய இடத்தில் லாபம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. மலிவு விலைக்காரரை உயர்ந்த விலைக்காரர் வாங்கும்போது இந்தக் கோணல் அடிக்கடி வரும், பங்கை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது.

இங்கே ஒரு சோதனையைச் சொல்லியாக வேண்டும், அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு மிகவும் உதவுவது இது. டைவர்ஷன் விகிதங்கள் இரண்டையும் தனித்தனியாக இஷ்டத்துக்கு வைக்க முடியாது. சின்னது ஓர் அலகு ஏற்றினால் பெரியதற்கு வருபவர்கள் 1,000-இல் 300. பெரியது ஓர் அலகு ஏற்றினால் சின்னதற்கு வருபவர்கள் 1,500-இல் 20 சதவீதம், அதுவும் 300. வாங்குகிறவரின் வருமானத்தில் இந்தச் செலவு சின்ன பகுதிதான் என்றால், இந்த இரண்டு எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது தேவைக் கோட்பாடு. ஒரு பக்கம் 300, மறுபக்கம் 40 என்று வந்தால் கருத்துக்கணிப்பிலோ மார்ஜினிலோ எங்கோ கோளாறு. எந்தப் பக்கம் கோளாறு என்று இந்தச் சோதனை சொல்லாது, தேட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொல்லும்.

சரி, செலவு மிச்சம் எங்கே வருகிறது? அழுத்தம் ஒரு வரி மாதிரி என்றால், உற்பத்திச் செலவு குறைவது அந்த வரியைக் கழிக்கும் தள்ளுபடி. இந்த முறையை 2010-இல் முன்வைத்த பொருளாதார நிபுணர்கள் ஜோசப் ஃபாரலும் கார்ல் ஷபிரோவும், கம்பெனி நிரூபித்தாலும் நிரூபிக்காவிட்டாலும் எல்லா இணைப்புக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு தள்ளுபடியைக் கொடுத்துவிடலாம் என்றார்கள். உதாரணமாக அவர்கள் எடுத்துக்கொண்டது கூடுதல் செலவில் 10 சதவீதம். நம் கணக்கில் சின்னதற்கு 6, பெரியதற்கு 7.5 கழியும். சின்னதில் 22.5 − 6 = 16.5 மிஞ்சுகிறது. பெரியதில் 8 − 7.5 = 0.5, கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மேலோட்டமாகப் பார்த்தால் பெரிய பிராண்டுக்கு ஆபத்தில்லை, சின்னதை மட்டும் ஆராய்ந்தால் போதும் என்று தோன்றும்.

இதில்தான் ஒரு வழுக்கல் இருக்கிறது. சின்னதன் செலவு 60-இலிருந்து 54 ஆனால், அதே 100 விலையில் அதன் மார்ஜின் 46. அப்படியானால் பெரியதிலிருந்து துரத்தப்பட்டு அங்கே போகிற ஒவ்வொருவரும் இப்போது 40 இல்லை, 46 தருகிறார். ஒரு பக்கம் செலவு குறைந்தது மறுபக்கத்தின் அழுத்தத்தைக் கூட்டுகிறது. 0.20 × 46 = 9.2, அதில் 7.5 கழித்தால் 1.7. அதே மாதிரி சின்னதன் அழுத்தம் 0.30 × 82.5 − 6 = 18.75. எளிய யுபிபி கொடுக்கும் எண்கள் இந்த விஷயத்தில் இணைப்புக்குச் சாதகமாகவே சாய்ந்திருக்கும்.

அப்படியானால் விலை கொஞ்சம்கூட ஏறாமல் இருக்க எவ்வளவு மிச்சமாக வேண்டும்? இந்தக் கேள்வியைப் பொருளாதார நிபுணர் கிரெகரி வெர்டன் 1996-லேயே கேட்டுப் பதிலும் சொல்லிவிட்டார். பழைய விலைகளை அப்படியே பிடித்துவைத்து, அந்த விலையே இணைந்த கம்பெனிக்கும் சிறந்ததாக இருக்க மார்ஜின் எவ்வளவு ஆக வேண்டும் என்று பார்க்க வேண்டும். சின்னதன் புதிய மார்ஜின், 40-உடன் பெரியதன் புதிய மார்ஜினில் 0.3 பங்கு. பெரியதன் புதிய மார்ஜின், 75-உடன் சின்னதன் புதிய மார்ஜினில் 0.2 பங்கு. இரண்டையும் சேர்த்துத் தீர்த்தால் 66.5, 88.3 என்று வரும். அதாவது சின்னதன் செலவு 60-இலிருந்து ஏறத்தாழ 33.5-க்கு இறங்க வேண்டும், 44 சதவீதக் குறைவு. பெரியதற்கு சுமார் 18 சதவீதம். கொள்முதலில் 5 சதவீதம் மிச்சம், கிடங்கைச் சேர்த்ததில் 3 சதவீதம் என்று கம்பெனிகள் கொண்டுவரும் பட்டியலை இந்த 44-க்குப் பக்கத்தில் வைத்தால் விவாதம் அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று: தலைமை அலுவலகத்தை மூடுவதும் ஒரு தலைவர் சம்பளம் மிச்சமாவதும் இதில் சேராது. அவை கூடுதலாக ஒன்று தயாரிக்கும் செலவைத் தொடுவதில்லை, அதனால் விலையையும் தொடுவதில்லை.

வெர்டனின் வழியில் எனக்குப் பிடித்தது, விலை ஏற ஏற விற்பனை எப்படிக் குறைகிறது என்பதைக் காட்டும் தேவைக்கோட்டின் வடிவம் என்ன என்ற கேள்வியே அதில் எழாது என்பதுதான். விலைகள் நகர்வதே இல்லை, ஆகையால் வளைவைப் பற்றிக் கவலையில்லை. விலை எவ்வளவு ஏறும் என்று கேட்ட உடனே அந்த வசதி போய்விடுகிறது. நம் உதாரணத்தில் தேவைக்கோடு நேர்கோடு, செலவில் மிச்சம் இல்லை, மற்ற பிராண்டுகள் விலையை மாற்றவில்லை என்று வைத்தால் சின்னது 13.2 சதவீதமும் பெரியது 4.4 சதவீதமும் ஏறும். 22.5-இல் ஏறத்தாழ பாதி சின்னதன் விலையாக மாறுகிறது, பெரியதன் விலையும் கூடவே ஏறுவதால் இன்னும் கொஞ்சம். கோடு வளைந்திருந்தால்? அதைப் பார்க்க இரண்டு பிராண்டும் ஒரே மாதிரி இருக்கும் எளிய உதாரணம் போதும். மார்ஜின் m விலையில் 40 சதவீதம், டைவர்ஷன் D 25 சதவீதம். நேர்கோட்டுத் தேவைக்கு ஷபிரோவின் சூத்திரமும், விலை நெகிழ்ச்சி, அதாவது விலை ஒரு சதவீதம் ஏறினால் விற்பனை எத்தனை சதவீதம் குறையும் என்பது, மாறாத தேவைக்கு அவருடைய சூத்திரமும் இப்படி:

```
நேர்கோடு:           mD / (2(1 − D)) = 0.10 / 1.50 = 6.7%
மாறா நெகிழ்ச்சி:    mD / (1 − m − D) = 0.10 / 0.35 = 28.6%
```

அதே மார்ஜின், அதே டைவர்ஷன், விடையில் நாலு மடங்கு வித்தியாசம். இன்றைய விலைக்குப் பக்கத்தில் தேவைக்கோடு எப்படி வளைகிறது என்பதை நம்பகமாக அளப்பது மிகக் கடினம். அதனால் யுபிபி-யை நான் திசைகாட்டியாகத்தான் எடுத்துக்கொள்வேன். விலை 13.2 சதவீதம் ஏறும் என்று தசமப் புள்ளியோடு ஒருவர் சாதித்தால், அவர் எந்த வளைவை எடுத்துக்கொண்டார் என்று முதலில் கேளுங்கள்.

மார்ஜினைக் கம்பெனிக் கணக்கிலிருந்து ஒருவழியாக எடுத்துவிடலாம். சண்டையெல்லாம் டைவர்ஷனில்தான். கையில் ஒன்றும் இல்லாதபோது பங்கிலிருந்தே கணக்கிடுவார்கள்: சின்னதை விட்டுப் போகிறவர்கள் மற்றவர்களிடம் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரிவார்கள் என்று வைத்தால் 22.5 / 92 = 24.5 சதவீதம். நாம் பின்தொடர்ந்து பார்த்தபோது 30 வந்தது. அப்படியானால் இந்த இரண்டு பிராண்டும் பங்கு சொல்வதைவிட நெருங்கிய போட்டியாளர்கள். எதிர்ப்புறமாக, பெரியதிலிருந்து சின்னதற்குப் பங்கு சொல்வது 10.3, நம் எண் 20. பங்குக் கணக்கில் இன்னொரு ஓட்டை, வாங்காமலே விட்டுவிடுகிறவர்களுக்கு அதில் இடம் இல்லை. இடம் கொடுத்தால் பங்கிலிருந்து வரும் எண் இன்னும் இறங்கும்.

உண்மையான ஒரு வழக்கைப் பார்த்தால் இது எப்படிச் சிக்கலாகிறது என்று தெரியும். அமெரிக்காவில் எச் அண்ட் ஆர் பிளாக் என்ற வரிச் சேவை நிறுவனம், வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்வதற்கான டாக்ஸ்ஆக்ட் மென்பொருளை வாங்க முயன்றது. அரசு 2011-இல் வழக்குப் போட்டது. பிளாக்கின் பங்கு 15.6 சதவீதம், டாக்ஸ்ஆக்டின் பங்கு 12.8, டர்போடாக்ஸ் வைத்திருந்த இன்ட்யூட்டின் பங்கு 62.2. இலவசத் தாக்கலைப் பரவலாகக் கொடுத்து மற்றவர்களைச் சீண்டியது டாக்ஸ்ஆக்ட்தான். பங்கு விகிதப்படி கணக்கிட்டால் டாக்ஸ்ஆக்டை விட்டுப் போகிற 100 பேரில் ஏறத்தாழ 18 பேர் பிளாக்குக்கு, 71 பேர் டர்போடாக்ஸுக்கு. நெருங்கிய போட்டியாளர் டர்போடாக்ஸ்தான், நாங்கள் இல்லை என்று கம்பெனிகள் வாதாடலாம், வாதாடவும் செய்தன. ஆனால் யுபிபி கேட்பது முதல் போட்டியாளர் யார் என்பதை அல்ல. 18 சதவீதத்தை மார்ஜினால் பெருக்கினால் என்ன வருகிறது என்பதைத்தான். வரிக் கணக்கு மென்பொருளில் கூடுதலாக ஒரு பிரதி விற்க ஆகும் செலவு மிகக் குறைவு, மார்ஜின் மிகப் பெரிது. மார்ஜின் பெரிதாக இருந்தால் சின்ன டைவர்ஷனும் போதும்.

அந்த வழக்கில் கம்பெனிகள் தரப்பில் ஒரு கருத்துக்கணிப்பும் வந்தது. டாக்ஸ்ஆக்ட் வாடிக்கையாளர்களிடம், அதன் விலையோ வசதிகளோ தரமோ பிடிக்காமல் போயிருந்தால் வேறு எதற்கு மாறுவதைப் பரிசீலித்திருப்பீர்கள் என்ற பாணியில் கேட்டார்கள். கேள்வியிலேயே இரண்டு ஓட்டை. தரம் பிடிக்காமல் போகிறவரும் விலை ஏறியதால் போகிறவரும் ஒரே ஆள் இல்லை, போகிற இடமும் வேறு. யுபிபி-க்கு வேண்டியது விலையால் போகிறவர் மட்டும். அப்புறம், பரிசீலிப்பது வேறு, வாங்குவது வேறு. விளம்பரத்தில் அடிக்கடி பார்க்கும் பெயர் பரிசீலனைப் பட்டியலில் எப்போதும் முதலில் நிற்கும். நீதிபதி பெரில் ஹவல் அந்தக் கணிப்பை ஏற்கவில்லை, 2011 அக்டோபர் கடைசியில் இணைப்புக்குத் தடை போட்டார்.

அதே வழக்கில் வரித்துறையிடம் இருந்த தரவு வேறு வகை: ஓர் ஆண்டு எந்த மென்பொருளில் தாக்கல் செய்தவர் அடுத்த ஆண்டு எதில் செய்தார் என்பது. வாயால் சொன்னது இல்லை, செய்தது, ஆகவே கணிப்பைவிட உறுதியானது. ஆனாலும் அது மாறினவர்களின் எண்ணிக்கைதான், விலையால் மாறினவர்களின் எண்ணிக்கை இல்லை. வீடு வாங்கி வரிக் கணக்கு சிக்கலாகி வசதி அதிகமுள்ள மென்பொருளுக்குப் போனவரும் அதில் இருப்பார். இந்த வகைத் தரவைக் கையாள எனக்குத் தெரிந்த நல்ல வழி, ஒரு பிராண்டு மட்டும் விலையை ஏற்றின மாதத்தையோ, அதன் சரக்கு தீர்ந்துபோன வாரத்தையோ தேடிப் பிடித்து, அப்போது போனவர்கள் எங்கே போனார்கள் என்று மட்டும் பார்ப்பது. விலை ஏறிய மாதம்தான் நமக்கு வேண்டியதற்கு மிக அருகில் இருக்கும். சரக்கு தீர்ந்த வாரத்தில் எல்லா வாடிக்கையாளரும் வெளியேறுகிறார்கள், பிராண்டைவிட்டு நகரவே மாட்டாதவர் உட்பட. யுபிபி கேட்பதோ, ஓர் அலகு ஏறினால் முதலில் கிளம்பும் அந்த 1,000 பேரைப் பற்றி மட்டும். நம் 40,000 பேரில் மீதி 39,000 பேர் எங்கே போவார்கள் என்பது முற்றிலும் வேறு விகிதமாக இருக்கலாம்.

இறுதியாக உங்கள் 70 சதவீதத்தைப் பற்றி. அவர்கள் இந்தக் கணக்கில் இல்லாமல் இல்லை. சின்ன பிராண்டை விட்டுப் போன 1,000-இல் மீதி 700 பேரில் பலர் அவர்களிடம் போனவர்கள்தான், டைவர்ஷன் 30-ஐத் தாண்டாமல் இருப்பதே அவர்களால்தான். ஆனால் அவர்கள் தங்கள் பிராண்டை மாற்றி அமைத்து, சின்னது விட்ட மலிவுப் பக்கத்துக்கு இறங்கி வருவார்களா என்பதை யுபிபி பார்ப்பதே இல்லை. அது இன்றைய பொருள்களையும் இன்றைய விலையையும் வைத்து எடுத்த ஒரு படம். கம்பெனிகள் உண்மையிலேயே வாதாட வேண்டியது அங்கேதான்: ஒரு போட்டியாளர் பெயரைச் சொல்லி, அவர் இத்தனை மாதத்தில், இந்த விலையில், இந்தப் பொருளோடு மலிவுப் பக்கம் வருவார் என்று ஆவணத்தோடு காட்டினால் 22.5-க்கு எதிராக ஏதாவது நிற்கும். எங்களிடம் முப்பதுதானே இருக்கிறது என்பது மட்டும் நிற்காது, ஏனென்றால் மீதி எழுபதின் போட்டி முன்பே டைவர்ஷனுக்குள் எண்ணப்பட்டுவிட்டது.